மூலையில் விழுந்த விரலும் கயிறும்: குரூப் போட்டோவை மீட்பது எப்படி

கேள்வி: தாத்தா பாட்டியின் எண்பதாம் கல்யாணத்தில் அக்கா மகன் போனில் எடுத்த குரூப் போட்டோ ஒன்று இருக்கிறது. கீழே இடது மூலையில் அவன் விரல் விழுந்துவிட்டது, அடியில் ஜமுக்காளம். மேலே வலது மூலையில் போனில் கட்டியிருந்த மெல்லிய கயிறு, பின்னால் வெறும் சுவர். 12×8 பிரிண்ட் போட்டு ஃபிரேம் செய்ய வேண்டும். ஆப்பில் அழித்தால் விரல் இருந்த இடம் குழம்பிப்போகிறது. எப்படிச் சுத்தமாக எடுப்பது?

பதில்:

குழம்பிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆப் இல்லை. விரல் முடிகிறது என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் அது முடிவதில்லை.

போன் லென்ஸில் ஒளி நுழையும் வாய் சுமார் 3 மில்லிமீட்டர் அகலம்தான். கேமரா சில அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டி மேல் ஃபோகஸ் செய்திருக்கிறது. விரலோ லென்ஸை ஒட்டியே இருக்கிறது. அதனால் விரலின் நடுப்பகுதி அந்த வாயை முழுவதும் அடைத்துவிடும். அங்கே ஜமுக்காளத்தின் ஒளி துளிகூட உள்ளே வராது. ஓரத்தில் அப்படியில்லை. வாயின் ஒரு பாதி அடைபட்டிருக்கும், மறுபாதி வழியாக ஜமுக்காளம் வந்துகொண்டிருக்கும். படத்தில் அந்த இடம் விரலும் ஜமுக்காளமும் கலந்த மங்கல் பட்டையாக விழும். வெளியே போகப் போக விரலின் பங்கு குறைந்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்து முடியும். லென்ஸைப் பார்க்கும் விரலின் பக்கம் நிழலில் இருப்பதால் இந்தப் பட்டை பொதுவாக இருண்ட பழுப்பாக இருக்கும். ஃபிளாஷ் போட்டிருந்தால் ஆரஞ்சாக எரியும்.

அழிக்கும்போது நாம் இருண்ட நடுப்பகுதியை மட்டும் தேய்க்கிறோம். அழிக்கும் கருவி என்ன செய்கிறது? தேய்த்த இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்து நிரப்புகிறது. பக்கத்தில் இருப்பதோ விரல் சாயம் ஏறிய மங்கல் பட்டை. விரலை எடுத்து விரலின் சாயத்தையே மறுபடி பூசியதாக முடிகிறது. போதாததற்கு, மூலை என்பதால் நான்கில் இரண்டு பக்கம் படமே கிடையாது. மிச்சம் இரண்டு பக்கத்திலிருந்து மட்டும்தான் அது ஊகிக்க வேண்டும். வெறும் தரை என்றால் எப்படியோ ஒப்பேற்றிவிடும். கோடு போட்ட ஜமுக்காளத்தில் கோடுகள் ஒன்றோடு ஒன்று இழைந்து சேறாகிவிடும்.

அதனால் விரல் எதுவரை பரவியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. ஸ்னாப்சீட் என்ற போட்டோ எடிட்டிங் ஆப்பில் படத்தைத் திறந்து Tune Image-க்குள் போய் Saturation-ஐயும் Contrast-ஐயும் கடைசிவரை ஏற்றிப் பாருங்கள். சாதாரணமாகத் தெரியாத பழுப்புச் சாயம் இப்போது பளிச்சென்று எழுந்து வரும். ஜமுக்காளத்தின் ஒரே நிறக் கோட்டை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகக் கண்ணால் தொடர்ந்து வாருங்கள். எந்த இடத்தில் அது மாநிறமாக மாறத் தொடங்குகிறதோ அதுதான் விரலின் உண்மையான எல்லை. பெரும்பாலும் நீங்கள் நினைத்ததற்கு ஒன்றரை மடங்கு தள்ளி இருக்கும். பார்த்துவிட்டு மாற்றத்தைச் சேமிக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

0.5x என்ற அகலக்கோணத்தில் எடுத்த படமானால் கதை கொஞ்சம் மாறும். அந்த லென்ஸின் வாய் இன்னும் சிறியது. விரல் கூர்மையாக, ரேகை தெரிகிற அளவுக்குக்கூட விழும். மங்கல் பட்டை குறுகலாக இருக்கும். அழிப்பதற்கு அது உண்மையில் வசதி.

கயிறுக்கும் இதே கணக்குதான், ஆனால் விளைவு நேர்மாறு. மெல்லிய கயிறு என்றீர்கள். அது 2 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 3 மில்லிமீட்டர் வாயை அதனால் ஒருபோதும் முழுக்க அடைக்க முடியாது. ஆகவே கயிறு விழுந்த இடத்தில் எங்குமே சுவர் முற்றிலும் மறையவில்லை. இருண்ட புகைக்கோடு போல ஒன்று சுவரின் மேல் படிந்திருக்கிறது, அவ்வளவே. கழுத்தில் மாட்டுகிற பட்டையான ஸ்ட்ராப்பாக இருந்திருந்தால் அது விரலைப் போலவே நடந்துகொண்டிருக்கும்.

இனி செய்ய வேண்டியதற்கு வருகிறேன். எதையும் அழிப்பதற்கு முன் அக்கா மகனிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். உங்களிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் படமாக வந்தது என்றால் அது சுருக்கப்பட்ட பிரதி. அவன் போனில் இருக்கும் அசலை Document ஆக அனுப்பச் சொல்லுங்கள். 12×8 பிரிண்டுக்கு அது கட்டாயம். இரண்டாவது, அதே இடத்தில் நின்று எடுத்த வேறு படங்கள். குரூப் போட்டோவை யாரும் ஒன்றோடு நிறுத்துவதில்லை. யாரோ கண் மூடியிருந்தார் என்று ஒதுக்கிய படத்தில் விரல் இல்லாமல் இருக்கலாம். நமக்கு வேண்டியது அந்தப் படத்தின் ஒரு மூலை மட்டும். அங்கே ஆட்களே இல்லை, வெறும் ஜமுக்காளம்தான் என்பதால், யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்ற கவலை வேண்டாம். ஐபோனில் Live Photo போட்டு எடுத்திருந்தால் கிளிக் செய்ததற்கு முன்னும் பின்னும் ஒன்றரை நொடி அசைவு பதிவாகியிருக்கும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இதுவே மோஷன் போட்டோ. பிடித்த விரல் அந்த நேரத்துக்குள் நகர்ந்திருக்காது. தொங்கிய கயிறு ஆடியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த அசைவிலிருந்து எடுக்கும் படங்கள் அசலைவிடக் கொஞ்சம் தெளிவு குறைந்தவை என்றாலும் வெறும் சுவருக்கு அது போதும்.

வேறு படம் கிடைத்துவிட்டால் அந்த வழியையே நான் முதலில் சொல்வேன். நிரப்பியது என்னதான் நன்றாக இருந்தாலும் ஊகம்தான். இது உண்மையான ஜமுக்காளம். ஸ்னாப்சீடில் விரல் விழுந்த உங்கள் படத்தைத் திறந்து Tools-இல் Double Exposure-ஐ எடுங்கள். அதற்குள் விரல் இல்லாத படத்தைச் சேருங்கள். அடர்த்தியைப் பாதியில் வைத்து, இரண்டு விரலால் நகர்த்தியும் பெரிதாக்கியும் ஜமுக்காளக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும்படி பொருத்துங்கள். இங்கே முகங்களை வைத்துப் பொருத்த வேண்டாம். மூலை மட்டும் பொருந்தினால் போதும். எடுத்தவர் கை கொஞ்சம் அசைந்திருந்தால் பக்கத்தில் இருக்கும் தரை ஒரு அளவும் தூரத்தில் இருக்கும் ஆட்கள் வேறு அளவும் நகர்ந்திருப்பார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பொருத்த முடியாது, பொருத்தவும் தேவையில்லை. பிறகு அடர்த்தியை முழுதாக ஏற்றி, சரி என்று கொடுங்கள். இப்போது திரை முழுக்க இரண்டாவது படம்தான் தெரியும். View edits-இல் Double Exposure-ஐத் தொட்டு, அதன் பிரஷ்ஷை எடுத்து, 100-இல் வைத்து மூலையில் மட்டும் தேயுங்கள். தேய்த்த இடத்தில் மட்டும் புது ஜமுக்காளம் வரும். கண்டுபிடித்து வைத்த உண்மையான எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் தேயுங்கள். ஒரே மாதிரி வெளிச்சம் இல்லையென்றால் இணைப்பு தெரியும். அப்படியானால் இரண்டாவது படத்தின் Brightness-ஐ முன்னதாகவே சரிசெய்துவிட்டு மறுபடி சேருங்கள். இதையெல்லாம் வெட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும், இரண்டு படமும் ஒரே அளவில் இருக்கும்போது.

வேறு படம் இல்லையென்றால் பிரிண்ட் அளவை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்தலாம். போன் படம் வழக்கமாக 4:3. 4000×3000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். 12×8 என்பது 3:2. அகலத்தை அப்படியே வைத்தால் உயரம் 2667 தான் வரும். அதாவது நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் லேபில் 333 பிக்சல் உயரம் போகத்தான் போகிறது. அப்படியே ஃபைலைக் கொடுத்தால் மேலே பாதி, கீழே பாதி என்று வெட்டுவார்கள். மேலே தலைக்கு மேல் இருந்த நல்ல இடம் வீணாகும், கீழே விரல் மிச்சமிருக்கும். நீங்களே 3:2-இல் வெட்டி, வெட்டும் கட்டத்தைப் படத்தின் மேல் விளிம்போடு ஒட்ட வைத்துவிட்டால் 333 முழுவதும் கீழே விரல் இருக்கும் பக்கத்திலிருந்தே போகும். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவர்களின் கால்கள் வெட்டுப்படவில்லையா என்று மட்டும் பாருங்கள். கால் விரல்கள் பாதியில் அறுந்து நிற்கிற படத்தைவிட மூலையில் விரலோடு இருக்கிற படமே மேல் என்பது என் அபிப்பிராயம்.

கணக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள். விரலின் இருண்ட பகுதி கீழ் விளிம்பிலிருந்து 480 பிக்சல் உயரம், மங்கல் பட்டையோடு சேர்த்து 700 என்று வைப்போம். 333 வெட்டியபின் இருண்ட பகுதி சுமார் 150 பிக்சலாகவும் மொத்தம் சுமார் 370 ஆகவும் சுருங்கிவிடும். விரல் நுனி குவிந்து வருவதால் அகலமும் கூடவே குறையும். இன்னும் ஒரு சலுகை உண்டு. 4000 பிக்சல் 12 அங்குலத்தில் அச்சாகும்போது ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 130 பிக்சல். ஃபிரேம் சட்டத்தின் உள்விளிம்பு நான்கு பக்கமும் அரை சென்டிமீட்டர் அளவுக்குப் படத்தை மூடும். அதாவது விளிம்பை ஒட்டிய 65 பிக்சல் சுவரில் மாட்டியபின் யாருக்கும் தெரியாது. எனவே நீங்கள் உண்மையில் புதிதாகக் கட்ட வேண்டிய இருண்ட பகுதி 85 பிக்சல், அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. மேலே கயிறு இருப்பதால் அங்கேயும் வெட்டலாமே என்று தோன்றும். தேவையில்லை, வெறும் சுவரில் கயிறு எளிதாகப் போய்விடும்.

மிச்சமிருக்கும் விரலை இரண்டு பகுதியாகப் பிரித்து, இரண்டு விதமாகக் கையாள வேண்டும். மங்கல் பட்டையின் வெளிப்பாதியில் ஜமுக்காளத்தின் கோடுகள் இன்னும் தெரிகின்றன, நிறம்தான் இருண்டிருக்கிறது. அதை அழிக்கவே கூடாது. இருக்கிற உண்மையான இழையை அழித்துவிட்டுப் பொய்யை வைப்பது எதற்கு? ஸ்னாப்சீடின் Selective-இல் அங்கே ஒரு புள்ளி வைத்து, இரண்டு விரலால் அதன் வட்டத்தைச் சிறிதாக்கி, Brightness-ஐயும் Saturation-ஐயும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அதே கோட்டின் வலப்பக்கத்தை ஒப்பிட்டு, அந்த நிறம் வந்ததும் நிறுத்துங்கள். இந்தக் கருவி நிறத்தைப் பார்த்து வேலை செய்வதால் சிவப்புக் கோட்டுக்கு ஒரு புள்ளி, நீலக் கோட்டுக்கு ஒரு புள்ளி என்று தனித்தனியே வைக்க வேண்டியிருக்கும்.

கோடுகளே தெரியாத உட்பகுதியைத்தான் கட்ட வேண்டும். இங்கே ஸ்னாப்சீடின் Healing உதவாது. எங்கிருந்து எடுப்பது என்று அதற்கு நாம் சொல்ல முடியாது. அது தானாகத் தேர்ந்தெடுக்கும், தேர்ந்தெடுத்தது வேறு நிறக் கோடாக இருக்கும். போனின் கேலரியில் வரும் அழிப்பான்களுக்கும் இதே குணம்தான்: வெறும் தரையில் கெட்டிக்காரத்தனம், ஜமுக்காளத்தில் இல்லாத கோடு. எடுக்கும் இடத்தை நாமே காட்டுகிற குளோன் கருவி வேண்டும். கணினி இருந்தால் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் போதும்.

கிம்பில் படத்தின் லேயரை ஒரு நகல் எடுத்து மேலே வைத்து, குளோன் கருவியை எடுத்து (விசை `C`), Sample merged-ஐ டிக் செய்யுங்கள். வரைவதெல்லாம் புது லேயரில் விழும், அசல் கெடாது. Alignment என்ற இடத்தில் Aligned வையுங்கள். ஓரம் மிருதுவான பிரஷ்ஷை 80 பிக்சல் அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஜமுக்காளக் கோடுகள் இடமிருந்து வலமாகப் போகின்றன என்றால், ஏதாவது இரண்டு கோடுகள் சந்திக்கும் விளிம்பைத் தேர்ந்தெடுங்கள். விரலின் சாயம் எட்டாத வலப்பக்கத்தில் அந்த விளிம்பின் மேலேயே Ctrl-ஐ அழுத்தியபடி கிளிக் செய்யுங்கள். பிறகு இடப்பக்கத்தில், அதே விளிம்பு நீண்டு வந்தால் எங்கே வரும் என்று பார்த்து அங்கே தொடங்கித் தேயுங்கள். நேர்கோடு நேர்கோடாகவே நீளும் என்பதால் கோட்டின் மேலிருந்து எடுத்துக் கோட்டின் மேலேயே வைத்தால் சாய்வு தானாகப் பொருந்திவிடும். வேறு கோட்டிலிருந்து எடுத்தால் நிறம் ஒன்றாக இருந்தாலும் அகலம் ஒத்துப்போகாது. கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கோடு அகலமாகவும் தூரத்தில் இருப்பது ஒடுங்கியும்தான் விழுந்திருக்கும். கோடுகள் கேமராவை நோக்கி ஓடுகிற மாதிரி விரித்திருந்தாலும் விதி இதுதான். அந்தந்தக் கோட்டின் மேல்பகுதியிலிருந்து எடுத்து, கீழே வரும்போது கொஞ்சம் விரியும்படி இரண்டு மூன்று தடவையாகப் போட வேண்டும்.

எல்லா விளிம்புகளையும் முதலில் போட்டுவிட்டு, நடுவில் உள்ள நிறத்தை அப்புறம் நிரப்புங்கள். ஹீல் கருவி (`H`) கடைசியில், ஒட்டுத் தெரிகிற இடத்தை மறைக்க மட்டும். அவசரப்பட்டு ஹீலில் ஆரம்பிப்பதுதான் பலரும் செய்வது. ஹீல் இழையை ஓரிடத்திலிருந்தும் நிறத்தைச் சுற்றுப்புறத்திலிருந்தும் எடுக்கிறது. சுற்றுப்புறத்தில் விரலின் மிச்சம் கொஞ்சம் இருந்தாலும் அந்தப் பழுப்பு புதுத் துணிக்குள் கசிந்து வரும். குளோனால் விரலின் நிறத்தை முழுக்க மூடிய பிறகு அந்த ஆபத்து இல்லை.

கயிறுக்குக் கணினி தேவையில்லை. ஸ்னாப்சீடில் Healing எடுத்து, சுவரைப் பெரிதாக்குங்கள். அந்தக் கருவியில் பிரஷ்ஷின் அளவு திரையில் மாறாது. படத்தை எவ்வளவு பெரிதாக்குகிறீர்களோ அவ்வளவு மெல்லிய கோடு கிடைக்கும். கயிற்றின் மங்கலையும் சேர்த்து மூடும் அகலத்தில், உள்ளிருந்து விளிம்பை நோக்கிச் சின்னச் சின்னதாக இழுங்கள். ஒரே இழுப்பில் முழு நீளத்தையும் தேய்த்தால் சுவரின் வெளிச்ச வேறுபாட்டைத் தவறவிட்டு நடுவில் திட்டு விழும். போன் படங்களில் மூலைகள் நடுவைவிடச் சற்று இருட்டாக இருப்பது சகஜம், அதனால் தூரத்துச் சுவரை இங்கே கொண்டுவந்தால் வெளிறித் தெரியும். கயிறு சுவரைத் தாண்டி யாருடைய தலை மேலாவது கடந்து போனால், தலையைத் தொடும் பகுதியை மட்டும் Healing-இல் தேய்க்காமல் Selective-இல் வெளிச்சம் கூட்டிப் பாருங்கள். முடி இழைகள் அந்தப் புகைக்கு அடியில் இருக்கின்றன.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? பெரிதாக்கி வைத்து மணிக்கணக்காகப் பார்த்தால் தெரியாது, கண் பழகிவிடும். படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். விரல் இருந்த மூலை திடீரென்று வேறு பக்கம் வரும்போது ஒட்டு உடனே கண்ணில் குத்தும். பிறகு கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் மூலை அழுக்காகத் தெரிந்தால் பழுப்புச் சாயம் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். ஜமுக்காளத்தில் ஒரே சுருக்கமோ ஒரே பூவிதழோ இரண்டு இடத்தில் தெரிந்தால் ஒன்றை மட்டும் வேறிடத்திலிருந்து எடுத்து மூடுங்கள். ஆரம்பத்தில் செய்தது போல Saturation-ஐக் கடைசிவரை ஏற்றிப் பார்ப்பது இறுதிச் சோதனை.

ஒன்றை மட்டும் இந்த வழிகளால் சரிசெய்ய முடியாது. ஃபிளாஷ் போட்டு எடுத்து, விரலோ ஸ்ட்ராப்போ ஃபிளாஷுக்கு எதிரில் இருந்திருந்தால், அதில் பட்ட ஒளி திரும்பி லென்ஸுக்குள் சிதறி மூலைக்கு வெளியேயும் ஒரு வெளிறலைப் பரப்பியிருக்கும். படத்தின் அந்தப் பாதியில் கறுப்புத் தலைமுடிகூடச் சாம்பலாகத் தெரிந்தால் அதுதான். விரலை எடுத்தாலும் வெளிறல் போகாது. அந்தப் பாதிக்கு மட்டும் Contrast-ஐக் கூட்டி ஓரளவு குறைக்கலாம்.

முடிந்ததும் அதிகத் தரத்தில் ஒரே ஒரு முறை ஜேபெக் ஆகச் சேமியுங்கள். கிம்பில் Quality 95 போதும். இடையில் நிறுத்தி மறுநாள் தொடர்வதாக இருந்தால் `.xcf` ஆக வையுங்கள். லேபுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப் என்றால் மறுபடி Document ஆகவே அனுப்பி, "ஏற்கெனவே 3:2-இல் வெட்டியிருக்கிறது, மேற்கொண்டு கிராப் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். 12×8-க்கு முன் அதே ஃபைலில் 6×4 ஒன்று போட்டு வாங்கிப் பாருங்கள். திரையில் தெரியாத இருட்டுத் திட்டு காகிதத்தில் தெரிவது உண்டு. சின்ன பிரிண்டில் கண்டுபிடித்தால் செலவு கொஞ்சம்தான்.